முடிந்தவரை என்றால் எதுவரை?

"பார்க்கலாம்", "ஆகட்டும்", "முடிஞ்சவரைக்கும் செய்யறேன்." இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் நமக்குச் சட்டென்று விளங்கிவிடும்: காரியம் நடக்கப்போவதில்லை. அதிலும் "முடிஞ்சவரைக்கும்" என்பது மறுப்பை மரியாதையாகச் சொல்லும் வழி. சொன்னவரைப் பிறகு யாரும் பிடிக்க முடியாது. முடிந்தது அவ்வளவுதான் என்று கையை விரித்துவிடுவார்.

அதனால்தான் தொழிற்சாலைச் சட்டத்தில் இதே சொல்லைப் பார்க்கும்போது பலருக்கும் சிரிப்பு வருகிறது. 1948-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில், போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு 1987-இல் 7ஏ என்றொரு பிரிவு சேர்க்கப்பட்டது. தொழிற்சாலையை நடத்துபவர் தம் தொழிலாளர்களின் உடல்நலம், பாதுகாப்பு, நலன் ஆகியவற்றை "நியாயமாக இயன்ற அளவுக்கு" உறுதிசெய்ய வேண்டும் என்பது அதன் சாரமாக இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அந்தச் சொற்றொடர் இடம்பிடித்திருக்கிறது. சிங்கப்பூரின் 2006-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதுவே. ஆங்கிலத்தில் வக்கீல்கள் "ரீசனபிளி பிராக்டிகபிள்" என்பார்கள்.

இயன்ற அளவு என்றால், இயலவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். முதலாளிகள் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்; தொழிலாளர் சங்கத்தாரும் அப்படித்தான் பயப்படுகிறார்கள். இரண்டு பேரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் கட்சி. அதைக் காட்ட, பிரிட்டனின் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

தொழிலாளிகள் நடந்து போகும் சுரங்கப்பாதை ஒன்றில் பக்கச்சுவர் திடீரென்று சரிந்து ஒரு தொழிலாளி இறந்துபோனார். சரிந்த இடத்தில் மரமுட்டு எதுவும் கொடுக்கப்படவில்லை. பாறைக்குள் ஒளிந்திருந்த ஒரு வழுக்குப் பிளவுதான் சரிவுக்குக் காரணம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அவருடைய மனைவி வழக்குத் தொடுத்தார். எட்வர்ட்ஸ் எதிர் தேசிய நிலக்கரி வாரியம் என்ற அந்த வழக்கில் 1949-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அப்போதிருந்த 1911-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், பாதைகளின் கூரையும் பக்கங்களும் உறுதியாக்கப்பட வேண்டும் என்றது. கூடவே ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தது: அப்படிச் செய்வது நியாயமாக இயலாத காரியம் என்று உரிமையாளர் நிரூபித்தால் பொறுப்பில்லை. வாரியம் அந்த வாசல் வழியாக வெளியேறப் பார்த்தது. எல்லாச் சுரங்கங்களிலும் எல்லாப் பாதைகளுக்கும் முட்டுக் கொடுப்பதென்றால் எவ்வளவு செலவாகும், அது நடக்கிற காரியமா என்று கேட்டது.

நீதிமன்றம் அதற்கு மசியவில்லை. எல்லாப் பாதைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. சில இடம் கெட்டி, சில இடம் பொறுக்கு. நாட்டிலுள்ள சுரங்கம் முழுவதுக்கும் முட்டுக் கொடுக்க ஆகும் செலவைக் காட்டி, இந்த ஒரு பாதைக்கு முட்டுக் கொடுக்காததை நியாயப்படுத்த முடியாது என்றார்கள் நீதிபதிகள். இந்தப் பாதையில் ஆபத்து எவ்வளவு, அதைத் தவிர்க்க என்ன செலவு என்ற கணக்கை வாரியம் காட்டவே இல்லை. அந்தப் பெண்மணி ஜெயித்தார்.

தீர்ப்பு எழுதிய மூவரில் ஒருவர் சிரில் ஆஸ்க்வித். முன்னாள் பிரதமர் ஆஸ்க்வித்தின் மகன். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் லண்டனிலிருந்து சிட்னி வரை வக்கீல்கள் மேற்கோள் காட்டுவது அவர் எழுதிய ஒரு பத்தியைத்தான். அவர் சொன்னதை நம் பாணியில் இப்படிச் சொல்லலாம். ஒரு தராசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் ஆபத்தை வையுங்கள். மறு தட்டில் அதைத் தவிர்க்க ஆகும் பணம், நேரம், சிரமம் மூன்றையும் வையுங்கள். சிரமத்தட்டு கொஞ்சம் தாழ்ந்தால் போதாது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்க வேண்டும். அந்தச் சிரமத்தின் முன்னால் ஆபத்து ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி இருந்தால்தான் உரிமையாளர் தப்பிக்கலாம். இந்தக் கணக்கை அவர் போட்டிருக்க வேண்டிய நேரம், விபத்துக்கு முன்பு.

காய்கறிக்கடைத் தராசு இதுவல்ல என்பதைக் கவனியுங்கள். கடைத் தராசில் முள் எந்தப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் தீர்ப்பு முடிந்தது. இந்தத் தராசைத் தொழிலாளி பக்கம் வேண்டுமென்றே சாய்த்துத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். நூறு ரூபாய் ஆபத்தைத் தவிர்க்க நூற்றைம்பது ரூபாய் ஆகிறதே என்று முதலாளி சொன்னால், செலவு செய்யுங்கள் என்றுதான் சட்டம் சொல்லும்.

சரி, முதலாளி ஜெயிக்கவே மாட்டாரா? ஜெயித்திருக்கிறார். 1954-இல் ஒரு ஜிப்சம் சுரங்க வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. அங்கேயும் கண்ணுக்குத் தெரியாத பிளவு, அங்கேயும் கூரை சரிந்து ஒரு சாவு. ஆனால் அந்த வகைச் சரிவு அந்தச் சுரங்கத்தில் பல்லாண்டுகளாகக் கண்டிராத ஒன்று. முட்டுக் கொடுத்திருந்தாலும் முழுப் பாதுகாப்புக் கிடைத்திருக்கும் என்ற உறுதி இல்லை. அந்த அரிதான ஆபத்துக்காகச் சுரங்கம் முழுவதும் முட்டுக் கொடுக்கச் சொல்வது நியாயமில்லை என்று தீர்ப்பானது. ஆக, வாசல் திறந்துதான் இருக்கிறது. குனிந்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் போக முடியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். கோவை கணபதிப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கற்பனைதான், ஆனால் இதுபோன்ற கூடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது. இருபத்தைந்து பேர் வேலை செய்கிறார்கள். ஒரே பெரிய ஷெட். ஒரு பக்கம் லேத்துகள், இன்னொரு பக்கம் பாகங்களை அடுக்கி வைக்கும் இடம். வெளியே முற்றத்தில் லாரி வந்து நிற்கும். ஷெட்டுக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரே ஷட்டர் வாசல், பன்னிரண்டு அடி அகலம்.

பளு ஏற்ற ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருக்கிறது. இரண்டரை டன் தூக்கும். சுமையில்லாமலேயே அதன் எடை கிட்டத்தட்ட நான்கு டன். கார் மாதிரி முன்சக்கரம் திரும்பாது, பின்சக்கரம்தான் திரும்பும். ஓட்டுநர் இடப்பக்கம் திருப்பினால் வண்டியின் வால் வலப்பக்கம் வீசும். பக்கத்தில் நிற்பவர் இதை எதிர்பார்க்கவே மாட்டார். முன்னால் பெட்டிகளை உயரமாக அடுக்கிவிட்டால் ஓட்டுநருக்கு எதிரே இருப்பது தெரியாது. ஒரு ஷிஃப்டில் முப்பது தடவை அந்த வாசலைக் கடக்கிறது. அதே வாசல் வழியாகத்தான் ஆட்களும் போகிறார்கள், வருகிறார்கள். கழிப்பறை முற்றத்தில். டீக்கடை தெருமுனையில். பத்தரை மணிக்கு மணி அடித்தால் பதினைந்து பேர் ஒன்றாக வெளியே வருவார்கள்.

போன மாதம் ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது, பாகங்களைக் கழுவும் அம்மா ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று தப்பித்தார். செருப்பு மட்டும் சக்கரத்தில் மாட்டியது. "ஒரு சாண் தள்ளி நின்னிருந்தா காலு போயிருக்குமுங்க" என்றார் அவர். "பன்னெண்டு வருசமா ஓடுது, ஒண்ணும் ஆகல. அவங்கவங்க பாத்து நடக்கோணும்" என்றார் முதலாளி.

சட்டத்தின் தராசில் இந்தப் பன்னிரண்டு வருடத்துக்கு எடை குறைவு. விபத்து நடக்கவில்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. முதலில் எடைபோட வேண்டியது ஆபத்தைத்தான். அதற்கு இரண்டு முகம். நடக்க எவ்வளவு வாய்ப்பு? நடந்தால் எவ்வளவு கேடு? நான்கு டன் இரும்பு ஒரு மனிதரைச் சுவரோடு நசுக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வாய்ப்பும் சொற்பமில்லை: தினம் முப்பது நடை, ஒரே வாசல், கும்பலாக வரும் ஆட்கள், ஏற்கெனவே ஒரு செருப்பு. அந்தச் செருப்பு இன்னொரு வேலையும் செய்துவிட்டது. எனக்குத் தெரியாதே என்று முதலாளி இனிமேல் சொல்ல முடியாது. தெரிந்திருந்தது மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டியதும் சட்டத்தின் கணக்கில் சேரும்.

அடுத்து, என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல். ஊர் வழக்கம், மலிவானதிலிருந்து தொடங்குவது. வளைவுக் கண்ணாடி ஒன்று, பின்னால் போகும்போது கூவும் ஒலிப்பான், தரையில் மஞ்சள் கோடு. எல்லாம் சேர்ந்து இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதைச் செய்துவிட்டு முதலாளி அமர்ந்துவிடுவார். "ஆபத்து பாதி குறைந்துவிட்டது, மிச்சம் கொஞ்சம்தான், அதற்கு மேல் செலவழிப்பது அதிகம்" என்பார்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். கணக்கை மேலிருந்து கீழே போட வேண்டும். முதலில் மிகப் பாதுகாப்பான வழி எது என்று கேட்க வேண்டும். அதைக் கைவிட வேண்டுமானால் ஏன் என்று காட்ட வேண்டும். பிறகு அதற்கு அடுத்தது. "இதை ஏன் செய்ய வேண்டும்" என்பதை விட்டுவிட்டு "இதை ஏன் செய்யாமல் விடுகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள், பதில்கள் மாறும். மலிவானதை முதலில் செய்து, அது குறைத்த ஆபத்தைக் காட்டி நல்லதைத் தள்ளிவிடுவது தராசில் கட்டைவிரலை வைத்து அழுத்துவது போன்றது.

மேலிருந்தே பார்ப்போம். ஃபோர்க்லிஃப்டையே ஒழித்துவிட்டால்? கையால் தள்ளும் பேலட் டிரக் வாங்கலாம், செலவு கம்மி. ஆனால் முற்றம் சரிவு. ஒரு டன் சுமையைச் சரிவில் இரண்டு பேர் தள்ளினால் கை நழுவும், முதுகு போகும். ஓர் ஆபத்தை ஒழித்து இன்னொன்றை உண்டாக்குவது வழியல்ல. தள்ளிவிடலாம், காரணத்தை எழுதி வைத்துக்கொண்டு. சரி, மேலே ஓடும் கிரேன் போட்டு, ஷெட்டை லாரி நிற்கும் இடம் வரை நீட்டினால்? தரையில் வண்டியே ஓடாது. முப்பத்தைந்து லட்சம் ஆகும் என்கிறார் ஒப்பந்தக்காரர். இதை இப்போதைக்கு ஓரமாக வைப்போம்.

அதற்கு அடுத்தது, ஆட்களுக்குத் தனி வாசல். கழிப்பறைப் பக்கச் சுவரில் மூன்றரை அடிக்கு ஒரு கதவு திறந்து, உள்ளே லேத் வரிசையிலிருந்து அந்தக் கதவு வரை இரும்புக் குழாய்த் தடுப்பு போட்டுவிடலாம். ஷட்டர் வாசலில் ஆள் நடக்கவே கூடாது என்று வைத்துவிடலாம். கொத்தனார், கதவு, வெல்டிங் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதோடு காசே ஆகாத ஒன்று: டீ நேரத்திலும் ஷிஃப்ட் மாறும்போதும் கால் மணி நேரம் ஃபோர்க்லிஃப்ட் ஓடக்கூடாது, சாவி மேஸ்திரியிடம் இருக்கும். இதற்குப் பணம் ஆகாது என்றாலும் சிரமம் உண்டு, லாரிக்காரர் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பையும் தட்டில் வைக்கலாம். வைத்தாலும் தட்டு இறங்காது.

முதலாளி ஒரு வாதம் வைக்கிறார். "சுவரை உடைச்சா மூணு நாள் வேலை நிக்குமுங்க. மூணு நாள் உற்பத்தின்னா ரெண்டு லட்சம். அதையும் சேத்துப் போடோணுமல்ல?" போட்டுக்கொள்ளலாம், வேலை நிற்பதும் செலவுதான். ஆனால் அந்த வேலையை ஆயுத பூஜை விடுமுறையில் செய்தால் அந்த இரண்டு லட்சம் காணாமல் போய்விடும். இருப்பதிலேயே விலை கூடிய வழியைக் காட்டிச் செலவை ஊதிப் பெரிதாக்கக் கூடாது. தேக்குக் கதவுக்கு விலை கேட்டுவிட்டு வாசலே வைக்க முடியாது என்பது எடுபடாது. அந்தக் கதவால் கிடைக்கும் லாபம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் இனி ஆளுக்காக நின்று நின்று போக வேண்டியதில்லை என்பது ஒரு லாபம்தானே.

இப்போது எடை போடுங்கள். ஒரு பக்கம், தினம் முப்பது தடவை ஒரு உயிர் போகக்கூடிய வாய்ப்பு, ஆண்டாண்டாக. மறு பக்கம், ஒரே ஒரு தடவை ஒன்றேகால் லட்சம். மலை எது, மடு எது என்று சொல்ல நீதிபதி வேண்டியதில்லை. கதவு திறந்தே ஆக வேண்டும்.

ஓரமாக வைத்த கிரேனுக்கு வருவோம். தனி வாசலும் தடுப்பும் வந்த பிறகு மிஞ்சுவது என்ன? முற்றத்தில் லாரி ஏற்றும் இடத்தில் உதவியாளர் ஒருவர் நிற்பார். அவர் மேல் வண்டி மோத ஒரு சிறு வாய்ப்பு. அவர் நிற்க வேண்டிய இடத்தைத் தூண் நட்டுப் பிரித்துவிட்டால் அதுவும் சுருங்கும். அந்த மிச்சத்துக்காக முப்பத்தைந்து லட்சம் கேட்டால், அதுதான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கிரேன் வேண்டாம் என்று முதலாளி தாராளமாகச் சொல்லலாம். நான் முன்பு சொன்ன கட்டைவிரல் வித்தை இதில் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை, மேலிருந்து இறங்கி வந்து, ஆபத்தை உண்மையிலேயே அறுக்கும் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் மிச்சத்தை எடைபோடுகிறோம். கண்ணாடி மாட்டிவிட்டு எடைபோடவில்லை.

இவ்வளவுக்கும் சதவீதம், நிகழ்தகவு என்று எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள். அணுமின் நிலையம், ரசாயன ஆலை என்றால் அப்படியும் கணக்குப் போடுவார்கள். பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம் 2001-இல் வெளியிட்ட ஒரு நூலில், ஒரு சாவைத் தவிர்ப்பதன் மதிப்பைச் சுமார் பத்து லட்சம் பவுண்டு என்று எடுத்துக்கொண்டது. தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு சாவு வாய்ப்பு என்றால் அதைச் சகிக்கவே முடியாத எல்லையாகவும், பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் கவலை அதிகம் தேவைப்படாத எல்லையாகவும் வைத்தது. உயிருக்கு விலையா என்று கோபம் வரும். வரட்டும். ஆனால் சின்னப் பட்டறைக்கு அந்தக் கணக்கு வேண்டாம். இதே வேலையைச் செய்யும் நல்ல கூடங்களில் என்ன செய்கிறார்கள், இயந்திரத்தோடு வந்த கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்தாலே முக்கால்வாசிப் பதில் கிடைத்துவிடும். ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பதும் அதைத்தான்: பக்கத்துக் கூடத்தில் இருக்கிறதே, உங்களிடம் ஏன் இல்லை?

"அவங்க பெரிய கம்பெனிங்க, அவங்களால முடியும்; எனக்குக் கட்டுபடியாகாது." இந்தப் பதில்தான் எங்கேயும் வரும். எடுபடுமா? எடுபடாது. பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம் இதில் கறாராக இருக்கிறது: தராசில் வைக்கப்படுவது அந்த நடவடிக்கையின் செலவு, முதலாளியின் பர்ஸ் இல்லை. ஏழை முதலாளியிடம் வேலை செய்கிறவரின் கால் மலிவான கால் ஆகிவிடாதல்லவா? கையில் பணம் இல்லையென்றால், கதவு வரும்வரை டீ நேரத்துச் சாவி விதியைக் கண்டிப்பாக நடத்தலாம். அதுவும் முடியாதென்றால் அந்த வாசலில் ஒன்று ஆள் நடக்கட்டும், இல்லை வண்டி ஓடட்டும். எனக்கு இது கடுமையாகத்தான் படுகிறது. சின்னத் தொழிலின் லாபம் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தவர்களுக்குக் கடுமையாகத்தான் படும். ஆனாலும் வேறு எப்படி வைத்தாலும் அந்தப் பாகம் கழுவும் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.

இதே கூடத்தில் தராசே செல்லாத இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மூலையில் ஒரு சாணைச் சக்கரம் இருக்கிறது. அதன் மேல்மூடியைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். மூடி இருந்தால் சில பாகங்களைத் தீட்ட வரவில்லையாம். இங்கே நியாயமாக இயன்ற அளவு என்ற பேச்சு இல்லை. இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குப் பலமான காப்பு போட்டே தீர வேண்டும் என்றது 1948 சட்டத்தின் 21-ஆம் பிரிவு. இதற்கும் ஒரு பிரிட்டிஷ் வழக்கு இருக்கிறது. 1955-இல், சாணைச் சக்கரத்தில் கட்டைவிரல் காயப்பட்ட ஒரு தொழிலாளியின் வழக்கில் பிரபுக்கள் சபை சொன்னது: முழுக் காப்புப் போட்டால் இயந்திரத்தைப் பயன்படுத்தவே முடியாது என்றாலும், காப்புப் போடாததற்கு அது சாக்காகாது. முதலாளிகள் பலர் முப்பது வருட அனுபவத்துக்குப் பிறகும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சட்டப்பிரிவில் "நியாயமாக இயன்ற" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தராசை எடுக்கவே வேண்டாம்.

தராசின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, யார் நிரூபிக்க வேண்டும் என்பது. குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டியவரே எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரிந்த விதி? பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்கியது. இதற்கு மேல் செய்வது நியாயமாக இயலாது என்பதை, குற்றம் சாட்டப்பட்ட முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். இது மனித உரிமைக்கு விரோதம் என்று வாதாடிப் பார்த்தார்கள். 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. என்ன செய்தோம், என்ன செய்யவில்லை, ஏன் என்பது முதலாளிக்குத்தானே தெரியும்? அதே ஏற்பாடு 1987-இல் நம் சட்டத்திலும் 104ஏ என்ற பிரிவாக வந்து உட்கார்ந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஐரோப்பிய ஆணையத்துக்குச் சந்தேகம் தீரவில்லை. இந்தச் சொற்றொடர் முதலாளிகளைத் தப்பவிடும் ஓட்டை என்று சொல்லி பிரிட்டன் மீதே வழக்குப் போட்டது. அந்தச் சொல்லால் தொழிலாளர் பாதுகாப்புக் குறைந்தது என்று ஆணையம் நிரூபிக்கவில்லை என்று 2007-இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

ஓட்டையே இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆபத்து அந்த அம்மாவுடையது; செலவு முதலாளியுடையது; தராசைப் பிடிப்பதும் முதலாளியே. அவர் கண்ணுக்கு ஒன்றேகால் லட்சம் பெரிதாகவும் நான்கு டன் சிறிதாகவும் தெரிவது இயற்கை. வழக்கு என்று வந்தால்தான் இன்னொருவர் எடையைச் சரிபார்ப்பார். வழக்கு பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான் வருகிறது. ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தால் அதுவும் வருவதில்லை. சொல்லில் குறை இல்லை, எடைபோடும் அறைக்குள் தொழிலாளிக்கு நாற்காலி போடாததுதான் குறை என்பது என் எண்ணம். அந்தச் செருப்புச் சம்பவத்தை முதலாளிக்கு முதலில் சொன்னது யார்? அந்த அம்மாதான்.

ஆகவே சிறு தொழில் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எந்த ஆபத்தைப் பார்த்தீர்கள், யார் சொன்னார்கள், என்னென்ன வழி யோசித்தீர்கள், எதற்கு என்ன விலை சொன்னார்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று உங்கள் கைப்படத் தமிழில் எழுதினாலே போதும். கொத்தனார் கொடுத்த சீட்டையும் அதில் ஒட்டி வையுங்கள். பக்கத்தின் மேல் தேதி போட மறக்காதீர்கள். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் நீதிமன்றத்தில் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.